நூறு ஜாடி வாங்கித் தொண்ணூறு விற்பவரின் விலைக் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் என் கடை. ஊறுகாய் ஜாடி, டீ கிளாஸ், மண்சட்டி மூன்றும்தான் முக்கிய வியாபாரம். ஜாடி உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து வருகிறது. கிளாஸ் அதே மாநிலத்து ஃபிரோசாபாத்திலிருந்து. சட்டி மட்டும் பக்கத்துக் கொசப்பேட்டையில் வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றி வருவது. மூன்றுமே உடையும். உடைவதற்கான காசை விலையில் எப்படி ஏற்றுவது என்பதில் நான்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றை நானே செய்து பார்த்தேன், நான்காவதைப் பாதி மட்டும் செய்கிறேன். எது எந்தச் சரக்குக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழிகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. இதில் தவறினால் நான்கு வழியும் தவறும்.

இரண்டு லிட்டர் ஜாடி நூறு வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 150 ரூபாய், ஆக 15,000. லாரி வாடகை, இறக்கு கூலி, பார்சல் ஆபீஸிலிருந்து கடைக்கு வரும் வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 17,000. ஒன்றும் உடையாவிட்டால் ஒரு ஜாடியின் அடக்கம் 170 ரூபாய். வழியில் ஆறு உடைகிறது, கடையில் நான்கு உடைகிறது. விற்கக் கைக்கு வருவது தொண்ணூறு.

பத்து சதவீதம் உடைகிறது, அதனால் அடக்கத்தில் பத்து சதவீதம் கூட்டிக்கொள்கிறேன் என்பார்கள். 170-க்குப் பத்து சதவீதம் 17, ஆக 187. தொண்ணூறு ஜாடியை 187-க்கு விற்றால் 16,830 வருகிறது. போட்ட 17,000-இல் 170 குறைகிறது. சரியாக ஒரு ஜாடிக் காசு. உடைந்த பத்தின் செலவைத் தாங்கப்போவது நூறு ஜாடி அல்ல, மிஞ்சிய தொண்ணூறுதான். அதனால் கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 17,000-ஐ 90-ஆல் வகுத்தால் 189 ரூபாய்க்குச் சில காசு குறைவு. அதுதான் உண்மையான அடக்கம்.

இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். உடைசல் கூடக் கூட இந்த இடைவெளி வேகமாக அகலும். நூறில் இருபது உடையும் சரக்கில் இருபது சதவீதம் கூட்டினால் 204 வரும். எண்பதால் வகுத்தால் 212 ரூபாய் 50 காசு. எண்பது ஜாடி விற்று முடிக்கும்போது 680 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. பில்லில் உள்ள 150-க்கு மட்டும் பத்து சதவீதம் போட்டு, பிறகு வாடகை இருபது ரூபாயைச் சேர்ப்பது. உடைந்த ஜாடியும் லாரியில் இடம் பிடித்துத்தான் வந்தது. அதற்கும் இறக்கு கூலி கொடுத்தாயிற்று. வாடகையையும் சேர்த்த மொத்தத்தைத்தான் வகுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் ரெகுலர் பதிவு வைத்திருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு செலவு உண்டு. உடைந்து அழிந்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். ஆகவே உடையும் ஜாடிகளின் வரியும் அந்த 17,000-உடன் சேரும். வாங்கிய வரியைக் கழிக்கவே முடியாத காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு வரி முதலிலேயே அடக்கத்தில் கலந்துவிடும், தனியாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

சரி, இனி வழிகள்.

முதல் வழி, கடை முழுவதற்கும் ஒரே சதவீதம். எங்கள் பக்கம் பெரும்பாலான கடைகளில் இதுதான் நடக்கிறது. நானும் முதலில் இப்படித்தான் போட்டேன். என் சரக்கில் ஒரு சுற்றைக் கணக்குப் பார்த்தால், டீ கிளாஸ் அடக்கம் 14 ரூபாய் வீதம் ஆயிரம், நூற்றுக்கு மூன்று உடைகிறது. ஜாடி மேலே சொன்னபடி நூற்றுக்குப் பத்து. மண்சட்டி அடக்கம் 80 ரூபாய் வீதம் நூறு, அதில் இருபது உடைகிறது. மொத்தம் போட்ட பணம் 39,000, உடைந்தது 3,720. ஏறக்குறைய பத்து சதவீதம். எல்லாவற்றையும் 0.9-ஆல் வகுத்துவிட்டால் கணக்கு நேராகிறது, சொல்லப்போனால் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது.

தாளில் நேராகும், கடையில் நேராகாது. காரணம் வாங்குகிறவர்கள். கிளாஸின் உண்மையான அடக்கம் 14 ரூபாய் 43 காசு. ஒரே சதவீதத்தில் அது 15 ரூபாய் 56 காசாகிறது. டீக்கடைக்காரர் நான்கு டஜன் எடுக்கிறவர், ஒரு ரூபாய் வித்தியாசத்தை உடனே கவனிப்பார். பாரிமுனைப் பக்கம் போய் வாங்கிக்கொள்வார். மண்சட்டியோ 100 ரூபாய் அடக்கமாக இருக்க வேண்டியது 89-இல் நிற்கிறது. சட்டி இங்கே மலிவு என்று பேச்சு பரவி, அது வேகமாகப் போகும். கிளாஸ் விற்பனை பாதியாகி, சட்டி விற்பனை இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? கிளாஸில் கூடுதலாக வந்துகொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பாதியாகிறது. சட்டியில் விட்டுக்கொண்டிருந்த 889 ரூபாய் 1,778 ஆகிறது. ஆயிரத்து இருநூறுக்கு மேல் நஷ்டம். கடையில் உடையாத சரக்கு குறைந்து உடைகிற சரக்கு பெருகியதால், அந்தப் பத்து சதவீதமே பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறத் தொடங்கும். விற்பனை நன்றாக நடக்கும், கல்லாவில் காசு நிற்காது. எனக்கு ஒரு வருடம் இது புரியவே இல்லை.

ஒரே வகைச் சரக்கு மட்டும் விற்பவருக்கு இந்த வழி போதும். கலவைக் கடைக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

இரண்டாவது வழி, ஒவ்வொரு லோடுக்கும் அதன் சொந்தக் கணக்கு. பெட்டியைப் பிரித்து, நல்லதை எண்ணி, மொத்தச் செலவை அந்த எண்ணிக்கையால் வகுப்பது. வரும் வழியில் உடைவதற்கு ஊகமே வேண்டாம், கண்ணால் பார்த்ததுதான் கணக்கு. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் எண்ணுவது அவ்வளவு எளிதல்ல. இரண்டாகப் பிளந்தது எல்லோர் கண்ணிலும் படும். விலையைக் கெடுப்பது மயிரிழை விரிசல். இடது கையில் ஜாடியின் வாயைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கை விரல் முட்டியால் வயிற்றில் தட்ட வேண்டும். நல்ல ஜாடி 'ணங்' என்று ஒலித்து, ஒலி சற்று நீளும். விரிசல் விட்டது 'டப்' என்று அடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வைப்போம். காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால் அது விற்கிற ஜாடி அல்ல. இதைச் செய்யாமல் விற்ற ஜாடி இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும், வெளிப்பக்கம் உப்புப் பூத்து, உள்ளே ஒரு வீட்டின் ஆவக்காய் முழுவதும் வீணாகி. அந்த அம்மாவுக்கு ஜாடிக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம், ஊறுகாய்க்கு என்ன கொடுப்பது? விற்ற பிறகு திரும்புவதையும் உடைசலில் எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை.

இந்த வழி ஒரு மழைக்காலத்தில் என்னிடம் தோற்றது. ஐப்பசியில் வந்த லோடில் அட்டைப்பெட்டிகளின் அடி நனைந்திருந்தது. இறக்குகிற தம்பி ஒரு பெட்டியைத் தோளில் வைத்ததுமே சொன்னான்: "அண்ணே, இதுல சலசலன்னு கேக்குது. அப்படியே வைக்கட்டா, பிரிச்சு இறக்கட்டா?" பிரித்து இறக்கியும் நூறில் இருபத்தைந்து போயிருந்தது. 17,000-ஐ 75-ஆல் வகுத்தால் 227. ரேக்கில், வழியில் ஆறு மட்டும் உடைந்த பழைய லோடு ஜாடி 181 அடக்கத்தில் நிற்கிறது. ஒரே ஜாடி, ஒரே மெருகு, இரண்டு விலை. "போன வாரம் என் நாத்தனார் இதையே வாங்கிட்டுப் போனா, இப்ப ஏன் அம்பது ரூபா ஏத்திச் சொல்ற?" என்று கேட்டால் லாரி நனைந்த கதையைச் சொல்லியா விற்க முடியும்? கேட்டவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இங்கே ஒரு பிரிவு வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் சாதாரண இழப்பு, அசாதாரண இழப்பு என்று பாடத்தில் படித்திருப்பார்கள். வழக்கமாக நூற்றுக்கு நான்கிலிருந்து எட்டு வரை உடைவது அந்தச் சரக்கின் இயல்பு. அது விலைக்குள் போக வேண்டும். பெட்டி நனைந்து இருபத்தைந்து போனது ஒரு விபத்து. அதை அடுத்த எழுபத்தைந்து பேர் தலையில் ஏற்றினால் சரக்கும் போகும், வாடிக்கையும் போகும். விபத்தை லாபத்திலிருந்தோ, இருந்தால் காப்பீட்டிலிருந்தோதான் தாங்க வேண்டும். எது இயல்பு, எது விபத்து என்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை: வழக்கமான விகிதத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுவேன், சராசரியில் சேர்க்க மாட்டேன்.

மூன்றாவது வழி, பொருளுக்குப் பொருள் தனி விகிதம், பல லோடுகளின் சராசரியில். நான் இப்போது நிற்பது இங்கேதான்.

இதில் வழி உடைசலையும் கடை உடைசலையும் பிரித்து எழுதுவது முக்கியம். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பிரித்து எழுதியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் ஃபிரோசாபாத் கிளாஸ் நூற்றுக்கு மூன்றுதான் உடைகிறது. பக்கத்துப் பேட்டையிலிருந்து வரும் சட்டி இருபது உடைகிறது. தூரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை. கிளாஸ் கட்டம் கட்டமாகத் தடுத்த பெட்டியில் ஒன்றையொன்று தொடாமல் வருகிறது. சட்டி குறைந்த சூட்டில் சுட்ட மண், ஓரம் மெல்லியது, வண்டியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கோல் சொருகி வருகிறது. அதிலும் இருபதில் ஏழுதான் வண்டியில் போனது. பதின்மூன்று என் கடைக்குள்ளேயே போனது. வாங்க வருகிறவர்கள் அடுக்கின் நடுவிலிருக்கும் சட்டியை இழுத்துப் பார்ப்பார்கள், அவர்கள் பார்க்காமல் எப்படி வாங்குவார்கள்? அடுக்கி வைத்தது என் தவறு.

விகிதம் கண்டுபிடிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் வாளி இருக்கிறது. கடைக்குள் எது உடைந்தாலும் அதன் அடிப்பாகம் வாளிக்குள் போக வேண்டும். சில்லுகளை எண்ண முடியாது, அடிப்பாகத்தை எண்ணலாம், ஒரு பாத்திரத்துக்கு ஒரு அடிதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணி நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையிருப்பை எண்ணிச் சரிபார்க்கிறேன். பழைய கையிருப்பும் வாங்கியதும் சேர்ந்து, அதில் விற்றதும் இப்போது இருப்பதும் போக மிச்சம் எத்தனை? அது வாளிக் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால், உடைந்ததை யாரோ சொல்லவில்லை, அல்லது சரக்கு வேறு வழியில் போகிறது. பையன்களிடம் உடைத்ததற்குக் காசு பிடிக்கும் கடைகளில் இந்த வித்தியாசம் எப்போதும் பெரிதாக இருக்கும். பயத்தில் அடிப்பாகம் வாளிக்கு வராது. நான் பிடிப்பதில்லை. எனக்குச் சரியான எண் வேண்டும், அதுதான் விலையைக் காப்பாற்றும்.

இந்த வழியின் பலவீனம் பொறுமை. ஒரு லோடில் நூற்றுக்குப் பத்து போனது என்பதால் விகிதம் பத்து என்று ஆகிவிடாது. உண்மையான விகிதம் பத்தாகவே இருந்தாலும், தற்செயலாகவே ஒரு லோடில் நான்கும் போகலாம், இன்னொன்றில் பதினாறும் போகலாம். ஒரே பெட்டி விழுந்தால் கொத்தாகப் போகும் என்பதையும் சேர்த்தால் இன்னும் விரியும். ஆறு லோடாவது பார்க்காமல் நான் விலையைத் தொடுவதில்லை. புதுச் சரக்குக்கு முதல் ஆறு லோடு வரை, அதைப்போன்ற பழைய சரக்கின் விகிதத்தைக் கடன் வாங்கி, இரண்டு சதவீதம் கூட வைத்துப் போடுகிறேன்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது செட். ஆறு கப் செட் நூறு வாங்கினால் அறுநூறு கப். நூற்றுக்கு ஐந்து உடைந்தால் முப்பது கப் போகிறது. உதிரியாக மாற்றிப் போட முடிந்தால் நட்டம் ஐந்து செட்தான், 0.95-ஆல் வகுத்தால் தீர்ந்தது. ஆனால் முப்பதும் சிதறி உடைந்தால் சுமார் இருபத்தாறு செட் ஊனமாகும். ஆறு கப்பும் முழுதாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்து நான்குதான். மாற்றலாமே என்றால், வேறு லோடிலிருந்து எடுத்த கப்பின் நிறம் பொருந்தாது. சூளைக்குச் சூளை மெருகின் சாயல் மாறும், வெயிலில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆகவே செட் வாங்கும்போதே, அதே லோடிலிருந்து நூறு செட்டுக்கு முப்பது, முப்பத்தைந்து உதிரிக் கப் சேர்த்து வாங்கிவிடுங்கள். உதிரி தர மறுக்கும் வியாபாரியிடம், படம் அச்சிட்டு ஒட்டிய பெட்டியில் வரும் செட்டை நான் எடுப்பதையே நிறுத்திவிட்டேன். அந்த உடைசலை ஏற்றினால் யாரும் வாங்கும் விலையில் நிற்காது.

நான்காவது வழி, உடைசலை விலையில் ஏற்றாமல் முதலிலேயே குறைப்பது, அல்லது அனுப்புகிறவர் மேல் போடுவது. இதைத்தான் பாதி செய்கிறேன் என்றேன்.

பேக்கிங்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஜாடிக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தால் மூடியைத் தனியாகச் சுற்றி, ஜாடிகளுக்கு நடுவில் தடுப்பு அட்டை வைத்து அனுப்புகிறார்கள். வழி உடைசல் ஆறிலிருந்து இரண்டாகிறது. செலவு 17,500, வந்து சேர்வது 98, அடக்கம் 178 ரூபாய் 60 காசு. பழையபடி வந்தால் 181. ஜாடிக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஏழு ரூபாய் வரை கேட்டாலும் கொடுக்கலாம், அதற்கு மேல் உடைத்துக்கொள்வதே மலிவு. பதினான்கு ரூபாய் கிளாஸுக்கு இதே யோசனை சில காசுக்கு மேல் தேறாது.

அனுப்புகிறவர் மேல் போடுவது பேச்சில் எளிது. சிலர் நூற்றுக்கு இரண்டு, மூன்று கூடுதலாக வைத்து அனுப்பிவிட்டு, அதற்கு மேல் எங்களைக் கேட்காதீர்கள் என்பார்கள். எனக்கு இது சம்மதம், சண்டையில்லை. லாரிக்காரரிடம் பெறுவது கடினம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 வந்த பிறகும், கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைக் கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். எழுத்தில் புகார் 180 நாளுக்குள் போக வேண்டும். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தடை, டெலிவரி எடுக்கும்போது 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவது. பெட்டி நனைந்திருந்தால், குலுக்கினால் ஒலித்தால், அதை ரசீதிலேயே எழுதி, ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் கையெழுத்து. அந்த ஐப்பசி லோடில் நான் எழுதாமல் போட்டுவிட்டேன். ஒரு ரூபாயும் வரவில்லை.

ஆகவே என் கடையில் இப்போது நிற்பது இப்படி. நூறு ரூபாய்க்கு மேல் அடக்கமுள்ள பீங்கானுக்கு நல்ல பேக்கிங், அதற்குப் பிறகு மிஞ்சும் உடைசல் பொருள்வாரி விகிதத்தில். கிளாஸுக்கு வெறும் மூன்று சதவீதம், அதனால் டீக்கடைக்காரர்கள் திரும்பி வருகிறார்கள். விபத்து லோடு விலைக்கு வெளியே.

லாபத்தை எதன் மேல் போடுவது என்பதில் மட்டும் எனக்கும் பக்கத்துக் கடை அண்ணனுக்கும் கருத்து வேறுபாடு. அவர் உடைசல் சேர்ந்த 189-க்கு நாற்பது சதவீதம் போட்டு 265 என்கிறார். நான் உடைசல் சேராத 170-க்கு நாற்பது சதவீதமான 68 ரூபாயை மட்டும் 189-உடன் கூட்டி 257 என்கிறேன். உடைசலை ஈடு செய்துகொள்ளத்தான் வாங்குகிறவரிடம் கேட்கிறேன், அதன் மேலும் லாபம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எட்டு ரூபாய் குறைவாக நிற்பதில் ஜாடி கொஞ்சம் வேகமாகவும் போகிறது, ரேக்கில் நிற்கும் நாள் குறைந்தால் கடை உடைசலும் குறைகிறது.

சட்டி அடுக்கை இப்போது கலைத்துவிட்டேன். தரையோடு ஒரு மரச்சட்டம், அதில் ஒரு அங்குலம் மணல், ஒவ்வொரு சட்டியும் தனித்தனியாகக் கவிழ்த்து. முன்பு எழுபது நின்ற இடத்தில் முப்பதுதான் நிற்கிறது, மீதி உள்ளே சாக்கு விரித்து இருக்கிறது. வாளியில் சட்டியின் அடிப்பாகம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விழுகிறது. ஆனாலும் அடக்கம் 100 என்றே வைத்து 132-க்கு விற்கிறேன். பொங்கலுக்கு முந்தைய கூட்டத்தையும் தாண்டி ஆறு லோடு முடியட்டும், அப்புறம் எண்ணிப் பார்த்து அந்த விலையைத் தொடுவேன்.